பூனைக்கு ஒன்பது உயிரா? மாடியிலிருந்து விழுந்த பூனையை ஏன் உடனே டாக்டரிடம் காட்ட வேண்டும்?

பூனை குறுக்கே போனால் போன காரியம் உருப்படாது, கறுப்புப் பூனை என்றால் கேட்கவே வேண்டாம். இது நம்ம ஊர்ப் பேச்சு. ஆனால் அதே கறுப்புப் பூனையை அதிர்ஷ்டம் என்று கொண்டாடுகிறவர்கள் ஜப்பானில் இருக்கிறார்கள். தொட்டிலில் தூங்கும் குழந்தையின் மூச்சைப் பூனை உறிஞ்சிவிடும் என்பது மேலை நாடுகளின் பழைய பயம். பூனையால் யார் மூச்சையும் உறிஞ்ச முடியாது. கதகதப்பான இடம் என்று தொட்டிலில் ஏறிப் படுக்கும், அவ்வளவுதான். முகத்தை ஒட்டிப் படுத்தால் கைக்குழந்தையால் அதைத் தள்ளிவிட முடியாது என்பதால், தூங்கும் குழந்தையிடம் பூனையைத் தனியாக விடாமல் இருந்தால் போதும்.

இந்த இரண்டும் பூனையைக் குற்றவாளி ஆக்கும் கதைகள். மூன்றாவது, பூனையைப் புகழும் கதை. 'பூனைக்கு ஒன்பது உயிர், எங்கிருந்து போட்டாலும் நாலு காலில்தான் விழும்' என்பார்கள். அடுக்குமாடிக் குடியிருப்புகள் பெருகிவிட்ட இன்றைக்கு அதிக ஆபத்தானது இதுதான் என்பது நம் கருத்து.

பாதி உண்மை இருப்பதால்தான் இது நம்பப்படுகிறது. விழும்போது எது மேல், எது கீழ் என்று பூனையின் உட்காது சொல்லிவிடும். முதலில் தலை திரும்பும், பிறகு முன்னுடல், கடைசியில் பின்னுடல். அரை நொடிகூட ஆகாது. பிரெஞ்சு விஞ்ஞானி மரே இதை 1894-லேயே வரிசையாகப் படம் எடுத்துக் காட்டினார். ஆனால் நாலு காலில் விழுவது வேறு, அடிபடாமல் விழுவது வேறு.

1987-ல் நியூயார்க்கில் இரண்டு கால்நடை மருத்துவர்கள், மாடிகளிலிருந்து விழுந்து மருத்துவமனைக்கு வந்த 132 பூனைகளைப் பற்றி எழுதினார்கள். சிகிச்சை பெற்றவற்றில் 90 சதவீதம் பிழைத்தன. ஒன்பது உயிர் கதைக்கு ஆதாரமாக எல்லாரும் எடுத்துக்காட்டுவது இந்த எண்ணைத்தான். இரண்டு விஷயங்களை விட்டுவிடுகிறார்கள். விழுந்த இடத்திலேயே செத்த பூனையை யாரும் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு வரமாட்டார்கள், அதனால் அது கணக்கில் வராது. அடுத்தது, வந்தவற்றில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அவசர சிகிச்சை தந்துதான் காப்பாற்ற முடிந்தது.

ஒரு உதாரணம் பார்ப்போம். நாலாவது மாடி பால்கனிச் சுவரில் உட்கார்ந்திருக்கும் பூனை, புறாவைப் பார்த்துப் பாய்கிறது. சுமார் 12 மீட்டர் உயரம், ஒன்றரை நொடி. தரையைத் தொடும்போது வேகம் மணிக்கு 50 கிலோமீட்டரை ஒட்டி இருக்கும். கால்கள் முதலில் தொட்டாலும் அந்த வேகத்தைத் தாங்காது. மார்பும் தாடையும் தரையில் மோதும். பூனை எழுந்து ஓடி, பைக்குக்கு அடியில் ஒளிந்துகொள்ளும். ரத்தம் இல்லை, நொண்டவில்லை. வீட்டுக்காரர் 'ஒண்ணும் ஆகல'ன்னு நிம்மதியாகிவிடுவார்.

உள்ளே நுரையீரலில் சின்னக் கிழிசல் இருந்தால், காற்று மெல்லக் கசிந்து நெஞ்சுக்கூட்டில் சேரும். நுரையீரல் விரிய இடம் இருக்காது. இது தெரியவரச் சில மணி நேரம் ஆகலாம். வலியை மறைப்பது பூனையின் இயல்பு என்பதால் முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. மூச்சை எண்ணுங்கள். 15 நொடி எண்ணி நாலால் பெருக்கினால், ஓய்வாக இருக்கும் பூனைக்கு 20 முதல் 30 வரை வரும். 40-ஐத் தாண்டினாலோ, வாயைத் திறந்து மூச்சு வாங்கினாலோ, ஈறு வெளுத்திருந்தாலோ ஒரு நிமிடம்கூடத் தாமதிக்கக் கூடாது. இந்த அறிகுறி எதுவும் இல்லை என்றாலும் அன்றைக்கே காட்டிவிடுவது நல்லது. மேலண்ணம் பிளந்திருப்பதும் மூத்திரப்பை கிழிந்திருப்பதும் வெளியில் தெரியாது.

தூக்கும்போது கையில் அள்ளாமல், கெட்டியான துண்டில் நகர்த்தி அட்டைப்பெட்டியில் வையுங்கள். பாசத்தில் பால் ஊற்ற வேண்டாம், மயக்க மருந்து தர வேண்டி வரலாம். முக்கியமாக, வலிக்கு என்று பாராசிட்டமால் தரவே கூடாது. பூனையின் உடலால் அதை முறிக்க முடியாது. நாம் தலைவலிக்குப் போடும் ஒரே ஒரு மாத்திரை அதைக் கொல்லப் போதும்.

பால்கனிக்குப் புறா வலை அடிப்பவர்கள் பலர். பூனை இருக்கும் வீடு என்றால் மெல்லிய நைலான் வலையை அது கடித்து ஓட்டை போட்டுவிடும். கம்பி வலையாகக் கேட்டு வாங்குங்கள், கீழ் ஓரத்தில் தலை நுழையும் இடைவெளி இருக்கிறதா என்று கையால் தடவிப் பாருங்கள்.