மெசின் வாங்குமுன் கடைக்குப் போய்க் கேட்போம்

நமது டிவிஷனில் தையல் பழகிய சகோதரிகள் பலர் இருக்கிறார்கள். தேர்தல் காலத்திலும் தொண்டு நிறுவனத் திட்டங்களிலும் கிடைத்த தையல் மெசின்கள் நான்கு, லயக் காம்பிராக்களில் துணி போட்டு மூடிக் கிடக்கின்றன. இந்த நிலையில் இன்னும் மூன்று சகோதரிகள் கடன் எடுத்து மெசின் வாங்கப் போகிறோம் என்று சங்கக் கமிட்டியிடம் வந்தார்கள். வாங்காதீர்கள் என்று நாம் சொல்லவில்லை. இரண்டு ஞாயிற்றுக்கிழமை பொறுங்கள், நம் ஊரில் எது இல்லை என்று பார்த்துவிட்டு முடிவு செய்வோம் என்றோம்.

இது நாம் கண்டுபிடித்த வழியல்ல. சர்வதேச தொழிலாளர் அமைப்பு நம் நாட்டிலும் நடத்திவந்த சிறுதொழில் பயிற்சியில், கடன் கணக்குக்கு முன்னால் வரும் பாடமே இதுதான்: உன் ஊரில் என்னென்ன கடை, என்னென்ன தொழில் இருக்கிறது என்று நடந்து பார்த்து எழுது, ஆட்களிடம் கேள். நாம் ஆளுக்கொரு கொப்பி எடுத்துக்கொண்டு கிளம்பினோம்.

முதலில் தோட்டத்துக்குள்ளும் சந்தியிலுமாக ஐந்து கடைகள். கடைக்காரரிடம் "என்ன நல்லா விக்குது அண்ணே?" என்று கேட்டால் அரிசி, மா, சீனி என்பார். அது நமக்கு உதவாது. "என்ன கேட்டு வந்து, இல்லையென்று ஆட்கள் திரும்பிப் போகிறார்கள்?" என்று கேட்க வேண்டும். ஐந்தில் மூன்று கடைகளில் சொன்ன பதில்களில் ஒன்று பொதுவாக இருந்தது: சிப், நூல், பட்டன், பேக் வார். "சாமான் வாங்கி வச்சாலும் தைச்சுக் கொடுக்க ஆள் இல்லையே, அதனால வைக்கிறதில்ல" என்றார் ஒருவர்.

பிறகு முப்பது வீடுகள். இங்கேதான் பலர் தவறு செய்கிறோம். "நான் தையல் கடை போட்டால் வருவீங்களா அக்கா?" என்று கேட்டால் முப்பது பேரும் வருவோம் என்பார்கள். முகத்துக்கு நேரே யாரும் இல்லையென்று சொல்வதில்லை. அந்த முப்பது "ஆமா"வை நம்பிக் கடன் எடுத்தவர்கள் எத்தனையோ பேர். ஆகவே வரப்போவதைக் கேட்காமல், நடந்து முடிந்ததைக் கேட்டோம். "போன தரம் பிள்ளையோட பேக் கிழிஞ்சப்போ என்னா செஞ்சீங்க? எங்கே கொண்டு போனீங்க? எவ்வளவு குடுத்தீங்க?"

புதுச் சட்டை, பிளவுஸ் பற்றிக் கேட்டபோது பதில் தெளிவாக இருந்தது. தீபாவளி முற்பணம் கிடைத்ததும் ஹட்டன் டவுனில் ரெடிமேட் எடுக்கிறோம், இடையில் வாங்குவதில்லை. புதுத் துணி தைக்கும் ஆள் இங்கே குறைவு என்பது உண்மை. ஆனால் அது குறையாகத் தெரியவில்லை, ஏனென்றால் யாரும் தேடவில்லை. மூடிக் கிடக்கும் நான்கு மெசின்களின் கதையும் அதுதான். ஊரில் இல்லாத எல்லாமே தேவையாகிவிடாது.

பழசைச் சரிசெய்வது பற்றிக் கேட்டபோதோ வீட்டுக்கு வீடு ஒரு கதை வந்தது. சிப் போன பள்ளிக்கூடப் பேக், நீளம் விட வேண்டிய சீருடைக் கவுன், கிழிந்த மழைக்கோட். டவுனுக்குக் கொண்டு போனால் பஸ் காசும் அரை நாளும் போகும். அதனால் சிலர் ஊக்குக் குத்திச் சமாளிக்கிறார்கள், சிலர் புதுப் பேக்கே வாங்கிவிடுகிறார்கள். ஏற்கெனவே காசும் நேரமும் செலவழித்துக்கொண்டிருக்கும் இடத்தில்தான் உண்மையான தேவை இருக்கிறது.

அப்போதும் கடன் எடுக்கவில்லை. மூடிக் கிடந்த மெசின் ஒன்றைத் துடைத்து, ஒரு சகோதரி ஒரு மாதம் ஞாயிற்றுக்கிழமைகளில் திருத்த வேலை மட்டும் எடுத்துப் பார்த்தார். முதல் நாளே பேக் துணியில் ஊசி முறிந்தது. சாதாரண 14ஆம் நம்பர் ஊசி தடித்த துணிக்குத் தாங்காது. 18ஆம் நம்பர் போட்டு, சக்கரத்தைக் கையால் மெதுவாகச் சுற்றித் தைத்தபின் சரிவந்தது. பல பேக்குகளில் சிப்பையே மாற்றத் தேவையில்லை, பல்லின் மேல் ஓடும் பிடியை மட்டும் மாற்றினால் போதும் என்பதையும் வேலையில்தான் படித்தார்.

மாதக் கணக்கு இது. 10ஆந் திகதிச் சம்பளத்துக்குப் பிந்திய வாரம் 11 வேலை. அடுத்த வாரம் 4. 25ஆந் திகதி அட்வான்ஸை ஒட்டி 7. அடுத்த சம்பளத்துக்கு முந்திய வாரம் 2. மொத்தம் 24 வேலை, சராசரி 180 ரூபாய் வீதம் 4,320 ரூபாய். சிப், நூல், ஊசிக்கு 1,100 போக மிச்சம் 3,220. அதிலும் மூன்று பேர் 540 ரூபாயைக் கடன் சொல்லியிருந்தார்கள், ஆகவே கையில் வந்தது 2,680. சம்பள வாரத்தில் மட்டும் பார்த்திருந்தால் 11ஐ நான்கால் பெருக்கி மாதம் 44 வேலை என்று ஏமாந்திருப்போம். தேவையை அளக்கிறவர்கள் சம்பளத்துக்கு முந்திய வாரத்தையும் கட்டாயம் பார்க்க வேண்டும்.

2024 செப்டம்பரில் நிர்ணயிக்கப்பட்ட அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாய். அதனோடு ஒப்பிட்டால் அந்த 3,220 ரூபாய் இரண்டரை நாள் சம்பளத்துக்குச் சற்றுக் குறைவு. மலைக்குப் போகும் நாளை இழக்காமல், 12 மணி நேர வேலையில் கிடைத்ததால் அது லாபமே. ஆனால் நான்கு பேர் பங்கிட்டால் ஆளுக்கு 805 ரூபாய்தான். அறுபதாயிரம் ரூபாய் கடனில் புது மெசின் எடுத்து ஒரு வருடத்தில் கட்டுவதென்றால், வட்டி இல்லாமலே மாதம் 5,000 வேண்டும். இந்த வருமானம் அதைத் தாங்காது. நம் டிவிஷன் ஒரு மெசினுக்குத்தான் வேலை தரும்.

ஜனவரியில் புது வகுப்புத் தொடங்கும்போது சீருடை வேலை கூடலாம். அதையும் எழுதிப் பார்த்துத்தான் சொல்வோம். கடன் எடுக்க வந்த மூவரில் ஒருவர் இப்போது அந்தத் திருத்த வேலையில் உதவுகிறார். மற்ற இருவரும் கொப்பியோடு அடுத்த கேள்விக்குப் போயிருக்கிறார்கள். யாருக்கும் தவணைக்காரர் வாசலில் நிற்கவில்லை.

இதிலிருந்து நமது கருத்து இரண்டு. ஒன்று, மெசினோ கோழிக்குஞ்சோ பகிர்ந்தளிக்க வருகிறவர்களிடம், "எந்தக் கடையில், எத்தனை வீட்டில் கேட்டீர்கள்?" என்று சங்கம் கேட்க வேண்டும். கேட்காமல் கொடுத்தது துணி போட்டுத்தான் மூடப்படும். இரண்டு, ஞாயிற்றுக்கிழமை தைத்துச் சம்பாதிக்கும் மூவாயிரத்தைக் காட்டி, "உங்களுக்குத்தான் வேறு வருமானம் இருக்கிறதே" என்று நாட்சம்பளப் பேச்சில் எவரும் சொல்ல இடம் கொடுக்கக்கூடாது. அந்தக் கணக்கே காட்டுகிறது: அயலவரின் சம்பளம் வந்த வாரத்தில் 11 வேலை, தீர்ந்த வாரத்தில் 2. நமது சம்பளம் உயர்ந்தால்தான் நமது சிறுதொழிலும் ஓடும்.