வாடகை 20 ஆயிரம்... கையில் நிற்பது 12 ஆயிரம்தானா? வெளிநாட்டில் இருக்கும் வீட்டு ஓனர்கள் பார்க்க வேண்டிய கணக்கு

திருவட்டாறு, குலசேகரம் பக்கம் வீட்டுக்கு ஒருவராவது வளைகுடாவில் இருப்பார். அங்கே சேர்த்த பணத்தில் நாகர்கோவிலிலோ சென்னையிலோ ஒரு ஃபிளாட் வாங்கி வாடகைக்கு விடுவதும் வழக்கம்தான். வாடகையைப் பேசும்போது 20 ஆயிரம் என்பார்கள். மாசா மாசம் கையில் எவ்வளவு நிற்கும் என்பது வேறு கணக்கு.

ஓனர் உள்ளூரில் இருந்தால், மாத வாடகை 50 ஆயிரத்தைத் தாண்டினால்தான் வாடகைதாரர் 2 சதவீத டி.டி.எஸ். பிடிக்க வேண்டும். வரிச் சட்டப்படி ஓனர் என்.ஆர்.ஐ. என்றால் இந்த வரம்பு கிடையாது. வாடகை 5 ஆயிரமாக இருந்தாலும் 30 சதவீதம், அதன்மேல் செஸ் சேர்த்து 31.2 சதவீதம் பிடிக்க வேண்டும்.

இப்போது மெயின்டனன்ஸுக்கு வருவோம். அசோசியேஷனுக்கு மாதம் 3 ஆயிரம், ஆளுக்குப் பாதி என்று பேச்சு. வாடகைதாரர் தன் பங்கான 1,500-ஐயும் சேர்த்து 21,500 ரூபாயை 'வாடகை' என்றே ஓனருக்குத் தருவதாக ஒப்பந்தம் எழுதினால், மொத்தத்துக்கும் டி.டி.எஸ். விழும். 6,708 ரூபாய் போக, வங்கிக்கு வருவது 14,792. அதிலிருந்து அசோசியேஷனுக்கு 3 ஆயிரம் கட்டினால் மிச்சம் 11,792 ரூபாய்.

வாடகை 20 ஆயிரம் மட்டும், 1,500-ஐ வாடகைதாரர் நேராக அசோசியேஷனில் கட்டி ரசீது வாங்குவார் என்று எழுதினால்? டி.டி.எஸ். 6,240 ரூபாய். ஓனர் தன் பங்கைக் கட்டிய பிறகும் 12,260 ரூபாய் நிற்கும். ஒப்பந்தத்தில் ஒரு வரி மாறியதற்கு மாதம் 468 ரூபாய் வித்தியாசம். ஓனர் கட்டும் மெயின்டனன்ஸை வரிக் கணக்கில் தனியாகக் கழிக்கவும் முடியாது. பராமரிப்புக்கு என்று சட்டம் தரும் 30 சதவீதக் கழிவுக்குள்ளேயே அது அடங்கிவிடுகிறது.

பிடித்த பணம் போனது போனதல்ல. இரண்டாவது கணக்குப்படி ஆண்டு வாடகை 2.40 லட்சம். 30 சதவீதம் கழித்தால் வருமானம் 1.68 லட்சம். இந்தியாவில் வேறு வருமானம் இல்லையென்றால் வரியே இல்லை. ரிட்டர்ன் தாக்கல் செய்தால் பிடித்த 74,880 ரூபாயும் திரும்ப வரும். அதுவரை காத்திருக்க முடியாதவர்கள், குறைந்த விகிதத்தில் பிடிக்கச் சொல்லும் சான்றிதழுக்கு வருமான வரித்துறையிடம் முன்கூட்டியே விண்ணப்பிக்கலாம்.

சிக்கல் வருவது வாடகைதாரர் பக்கம். அவர் 'டேன்' எண் வாங்கி, பிடித்த வரியைப் பொதுவாக அடுத்த மாதம் 7-ம் தேதிக்குள் கட்டி, மூன்று மாதத்துக்கு ஒருமுறை கணக்கும் தர வேண்டும். குடும்பத்தோடு குடியிருக்கும் ஒரு சம்பளக்காரரிடம் இத்தனையும் கேட்பது கொஞ்சம் அநியாயம்தான். ஆனால் பிடிக்காமல் விட்டால் வரியையும் வட்டியையும் அவரிடமே கேட்பார்கள். பிடித்துவிட்டுக் கட்டாமல் இருந்தால் ஓனரின் 26AS பக்கத்தில் அந்தத் தொகை ஏறாது, ரீஃபண்டும் சிக்கலாகும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்தால், பணம் கட்டப்பட்டதா இல்லையா என்பது அங்கேயே தெரிந்துவிடும்.