அரியலூர் சுண்ணாம்புக்கல்லுக்கு எத்தனை மார்க்?

பெரம்பலூர்ல இருந்து அரியலூருக்கு பஸ்ல போயிருக்கீங்களா? சுண்ணாம்புக்கல் லாரிகளை எண்ணிக்கிட்டே போகலாம். ஒரு டன் கிளிங்கர் செய்ய சுமார் 1.5 டன் சுண்ணாம்புக்கல் வேணும். அவ்வளவு எடையைத் தூரமா இழுத்துட்டுப் போனா கட்டுப்படியாகாது. அதனால்தான் ராம்கோ, அல்ட்ராடெக், டால்மியா, செட்டிநாடு, அரசோட டான்செம் எல்லாமே இங்க சுரங்கத்தை ஒட்டி உட்கார்ந்திருக்கு.

இப்போ ஒரு கேள்வி. பல தொழில் நடத்துற ஒரு பெரிய குழுமம், இருக்கிற பணத்தை எந்தத் தொழிலுக்குக் கொடுக்கும்? மேனேஜ்மென்ட் பேப்பர்ல நமக்குச் சொல்லித் தர்ற பதில், ஜி.இ.-மெக்கின்சி கட்டம். ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனிக்காக 1970களின் தொடக்கத்தில் உருவானது. ஒரு பக்கம் துறையின் கவர்ச்சி, இன்னொரு பக்கம் அந்தத் துறையில் நம்ம பலம். இரண்டையும் உயர்வு, நடுத்தரம், குறைவு என்று பிரித்தால் 9 பெட்டி. எந்தப் பெட்டியில் விழுதோ அதை வைத்து முதலீடு செய், பொறுக்கிச் செய், அறுவடை செய்துட்டு வெளியே வா என்று முடிவு.

பார்க்க கணக்கு மாதிரி இருக்கும். ஆனா முடிவின் பாதி, கணக்குப் போடுவதற்கு முன்னாலேயே எடுக்கப்பட்டுவிடுகிறது. இதுதான் என் வாதம். ஒரு உதாரணம் போட்டுப் பார்ப்போம். மார்க் எல்லாம் நான் போட்டது. எந்தக் கம்பெனியோட கணக்கும் இல்லை.

ஒரு குழுமத்துக்கு அரியலூரில் சிமென்ட் ஆலை இருக்குன்னு வைங்க. முதலில் பலம். சந்தைப் பங்குக்கு 3 (எடை 0.4), கல் பக்கத்திலேயே கிடைப்பதால் செலவுக்கு 5 (0.4), பிராண்டுக்கு 4 (0.2). பெருக்கிக் கூட்டினால் 4.0. 1 முதல் 5 வரை உள்ள அளவை மூன்றாகப் பிரித்தால் 2.33, 3.67 என்று இரண்டு கோடு வரும். 4.0 என்றால் பலம் உயர்வு.

அடுத்து கவர்ச்சி. எடைகள்: வளர்ச்சி 0.3, லாபம் 0.3, போட்டி 0.2, எரிபொருள் செலவு 0.2. இந்தியா முழுக்க ஒரே சந்தைன்னு எடுத்து 4, 3, 2, 2 போட்டேன். வருவது 2.9, நடுத்தரம். பெட்டி சொல்லுது: முதலீடு செய்.

ஆனா அரியலூர் மூட்டை குஜராத்துக்குப் போகாது. தேவையை விட உற்பத்தித்திறன் அதிகமா இருக்கிற தென்னிந்தியாவில்தான் விற்கணும். அதே நான்கு காரணிக்குத் தெற்கை மட்டும் பார்த்து 3, 2, 1, 2 போட்டா 2.1. குறைவு! பெட்டி இப்போ சொல்லுது: பொறுக்கிச் செய். ஆலை மாறல, சந்தைக்கு எல்லை எங்கே கோடு போட்டோம் என்பதுதான் மாறுச்சு.

இன்னும் மோசம் இருக்கு. அதே தெற்கு மார்க்கை வைத்துக்கொண்டு, எடைகளை மட்டும் 0.5, 0.3, 0.1, 0.1 ஆக்குங்க. 2.4 வரும். திரும்பவும் நடுத்தரம், திரும்பவும் முதலீடு. விரும்பிய பதிலுக்கு எடையைத் தேடுறவங்களைப் பிடிக்க ஒரே வழி, மார்க் போடுவதற்கு முன்னாலேயே எடையை எழுதிப் பூட்டுவது. பிறகு எடைகளைக் கொஞ்சம் அசைத்துப் பாருங்க. பெட்டி தாவினால், அந்தக் கட்டத்துக்குச் சொல்ல எதுவும் இல்லைன்னு அர்த்தம். புள்ளிக்குப் பதிலா ஒரு பரப்பாக வரைந்து காட்டுவதுதான் நேர்மை.

இதையும் தாண்டி ஒரு குறை இருக்கு. கட்டம், போட்டியை வானிலை மாதிரி பார்க்குது. நம்மால மாற்ற முடியாத ஒன்றாக. ஆனா 2024 டிசம்பரில் அல்ட்ராடெக் என்ன செய்தது? தெற்கின் பழைய போட்டியாளரான இந்தியா சிமென்ட்ஸையே தன் துணை நிறுவனம் ஆக்கிக்கொண்டது. அரியலூர் மாவட்டத்து தளவாய் ஆலையும் அதோடு வந்தது. கிராசிம் வழியாக விஸ்கோஸ் நார், ரசாயனம், பெயின்ட் என்று பல தொழில் வைத்திருக்கும் ஆதித்ய பிர்லா குழுமத்தின் கம்பெனி அது. போட்டிக்கு 1 மார்க் போட்டு ஒதுங்குவது ஒரு வழி. போட்டியாளரை வாங்கி அந்த 1-ஐயே மாற்றுவது இன்னொரு வழி. இரண்டாவது வழிக்கு 9 பெட்டியில் இடம் கிடையாது.

அடுத்த தடவை அசைன்மென்ட்டில் இந்தக் கட்டம் வரைந்தால், கலர் அடிப்பதற்கு முன் பக்கத்திலேயே மூணு வரி எழுதுங்க: சந்தையின் எல்லை எது, எடையை யார் எப்போ முடிவு பண்ணாங்க, 0.1 அசைத்தால் பெட்டி தாவுதா. அரியலூர் ஆலை வாசலில் நிற்கிற லாரி டிரைவருக்கும் கான்ட்ராக்ட் தொழிலாளிக்கும் 2.1-க்கும் 2.4-க்கும் நடுவில்தான் வேலை இருக்கு.