பத்து லட்சம் சோதனைகள் நிறுவாத ஒன்று

"சமவாய்ப்பு முறையில் 10 லட்சம் உள்ளீடுகளைக் கொடுத்தோம்; அனைத்தும் சரியாக வரிசைப்பட்டன; ஆகவே வடிவமைப்பு சரியானது." வரிசையாக்க வலையமைப்புகளைப் பற்றிய ஆய்வேடுகளில் இத்தகைய வாக்கியத்தோடு சரிபார்ப்பு அத்தியாயத்தை முடித்துவிடும் வழக்கம் இருக்கிறது. வழிகாட்டி அதை ஏற்கிறார். தேர்வாளரும் கேள்வி எழுப்புவதில்லை. ஆனால் அந்த "ஆகவே" என்னும் சொல்லுக்கு அங்கே எந்த உரிமையும் இல்லை.

வரிசையாக்க வலையமைப்பு என்பது முன்கூட்டியே நிலைநிறுத்தப்பட்ட ஒப்பீடுகளின் தொடர். ஒவ்வோர் ஒப்பீட்டியும் இரு கம்பிகளில் வரும் எண்களை ஒப்பிட்டுச் சிறியதை மேல் கம்பியிலும் பெரியதைக் கீழ்க் கம்பியிலும் அனுப்புகிறது. எந்தக் கம்பிகள் எப்போது ஒப்பிடப்படும் என்பது தரவைப் பொறுத்து மாறுவதே இல்லை. இந்த மாறாத்தன்மையிலிருந்துதான் 0–1 கோட்பாடு பிறக்கிறது: 0, 1 ஆகியவற்றால் மட்டும் ஆன எல்லா உள்ளீடுகளையும் சரியாக வரிசைப்படுத்தும் வலையமைப்பு, எந்த எண்களையும் சரியாக வரிசைப்படுத்தும்.

மூன்று கம்பிகளை எடுத்துக்கொள்வோம். முதலில் 1, 2 ஆம் கம்பிகளையும், பின்னர் 2, 3 ஆம் கம்பிகளையும் ஒப்பிடுவதோடு நிறுத்திவிட்டால், எட்டு 0–1 உள்ளீடுகளில் ஏழு சரியாக வரிசைப்படும். 110 மட்டும் 101 ஆக வெளிவரும். எண்களைக் கொண்டு பார்த்தால், ஆறு வரிசைமாற்றங்களில் 2,3,1 மற்றும் 3,2,1 ஆகிய இரண்டு மட்டும் தவறும். இரண்டும் 2,1,3 ஆகவே முடியும்.

இது மூன்று கம்பிகளுக்கு மட்டும் நேரும் விபத்து அன்று. வரிசையில் இல்லாத எந்த 0–1 சரத்தை எடுத்தாலும், அதை மட்டும் தவறவிட்டு மற்ற அனைத்தையும் சரியாக வரிசைப்படுத்தும் வலையமைப்பு ஒன்று உண்டு என்று சங், ரவிகுமார் இருவரும் நிறுவினர். எனவே பொதுவான சோதனையில் அத்தகைய சரங்களுள் ஒன்றைக்கூட விட்டுவிட இயலாது.

32 கம்பிகளில், பதினாறு 1களைக் கொண்ட ஒரே ஒரு சரத்தில் மட்டும் தவறும் வலையமைப்பைக் கருதுக. 32இல் 16ஐத் தேரும் வழிகள் 60,10,80,390. அத்தனை வரிசைமாற்றங்களுக்கு ஒன்று என்ற விகிதத்தில்தான் அந்த வலையமைப்பு தவறும். 10 லட்சம் சமவாய்ப்புச் சோதனைகள் அப்பிழையைக் காணும் வாய்ப்பு ஏறத்தாழ 600இல் ஒன்று. மீதி 599 தடவையும் ஆய்வேடு அதே வெற்றி வாக்கியத்தோடு முடியும்.

"இவ்வளவு அரிய பிழையால் என்ன கேடு?" என்று கேட்பவர் உண்டு. வன்பொருளுக்கு வரும் தரவு சமவாய்ப்பில் வருவதில்லை. பெரிய மதிப்புகளைத் தரும் தடமும் சிறிய மதிப்புகளைத் தரும் தடமும் மாறி மாறிக் கம்பிகளில் இணைக்கப்பட்டிருந்தால், 1010... என்ற அமைப்பே அன்றாட உள்ளீடாகிவிடும். தவறும் சரம் அதுவாயின், சுற்று ஒவ்வொரு முறையும் தவறும்.

உரிய நிரூபணம் கைக்கெட்டாததாயிருந்தால் இவ்வழக்கத்தை மன்னிக்கலாம். அதுவும் இல்லை. 0–1 உள்ளீடுகளில் ஒப்பீட்டி என்பது ஓர் AND, ஓர் OR மட்டுமே. 64 பிட் சொல் ஒன்றில் 64 சோதனைகளை ஒருசேர நடத்தலாம். 32 கம்பிகளுக்குரிய 2³² உள்ளீடுகளும் ஏறத்தாழ 6 கோடியே 71 லட்சம் சுற்றுகளில் முடிந்துவிடும். பேட்சர் 1968இல் வெளியிட்ட ஒற்றை-இரட்டை இணைப்பு முறையில் 32 கம்பிகளுக்கு 191 ஒப்பீட்டிகள் தேவை. அதை முழுமையாகச் சோதிக்க ஒரு சாதாரண மடிக்கணினியே போதும்.

64 கம்பிகளில் 2⁶⁴ உள்ளீடுகளைச் சோதிக்க இயலாது என்பது உண்மை. அங்கே அமைப்பே கைகொடுக்கிறது. இரு 32 கம்பி வரிசையாக்கிகளும் அவற்றின் வெளியீடுகளை இணைக்கும் பகுதியும் கொண்டதாக வலையமைப்பு இருந்தால், வரிசையாக்கியைத் தனியே முழுதும் சோதிக்கலாம். இணைப்புப் பகுதிக்கு வருபவை ஏற்கெனவே வரிசைப்பட்ட இரு பாதிகள். ஒவ்வொரு பாதிக்கும் 33 வாய்ப்புகளே. ஆக 1,089 சோதனைகள் போதும்.

0–1 சோதனைக்கும் எல்லை உண்டு. அது கம்பிகளின் இணைப்பைச் சரிபார்க்கிறதேயன்றி, ஒப்பீட்டியின் உட்புறத்தை அன்று. குறியுள்ள எண்களைக் குறியற்றவையாகக் கருதி ஒப்பிடும் சுற்று அதில் தேறிவிடும். எதிரெண் வந்ததும் தவறும். ஒப்பீட்டியைத் தனியே நிறுவியாக வேண்டும். சமவாய்ப்புச் சோதனை சில பிழைகளைக் கண்டுபிடிக்க உதவலாம். பிழை இல்லை என்பதற்கு அதைச் சான்றாக நீட்டும் ஆய்வேட்டைத் தேர்வாளர் திருப்பி அனுப்புவதே முறை.