வரி ஏறிப்போச்சு என்று அழாதீர்கள்; அளவு தப்பு என்று எழுதுங்கள்!

"என்ன சார் அநியாயம்! மாடி வீட்டுக்காரருக்கு ஒரு வரி, எனக்கு ஒரு வரியா?"

சென்னையில் பழைய மாநகராட்சி எல்லைக்குள், அடுக்குமாடி வீடு ஒன்றில் குடியிருக்கும் குமாஸ்தா ஒருவர், இரண்டு ரசீதுகளை நம் முன்னால் போட்டுவிட்டுக் கேட்ட கேள்வி இது.

ஒன்று அவருடைய ரசீது. அரையாண்டு சொத்து வரி 5 ஆயிரம் ரூபாய். மற்றது அவர் தலைக்கு மேலே குடியிருப்பவருடையது. 3 ஆயிரத்து 500 ரூபாய். கீழ் வீடும் மேல் வீடும் ஒரே அச்சு. சுவருக்கு மேல் சுவர், அறைக்கு மேல் அறை. இருவருமே சொந்த வீட்டில் குடியிருப்பவர்கள்.

பிறகு எங்கே வந்தது இந்த 1,500 ரூபாய்?

தூங்கிய தப்பு

பதிவேட்டைப் பார்த்தபோது குட்டு உடைந்தது. மாடி வீடு 1,000 சதுர அடி. நம்மவர் வீடு 1,250 சதுர அடி என்று ஏறியிருக்கிறது. முதன்முதலில் வரி போட்ட நாளிலிருந்தே இந்தத் தப்பு அங்கே தூங்கிக்கொண்டு இருந்திருக்கிறது. அப்போது மாடி வீட்டுக்கு 2 ஆயிரம், இவருக்கு 2,500. ஐநூறு ரூபாய்தானே என்று இவரும் கண்டுகொள்ளவில்லை.

2022-ல் சென்னையில் சொத்து வரியை உயர்த்தினார்கள். பழைய மாநகராட்சிப் பகுதியில், 600 சதுர அடி வரையுள்ள வீடுகளுக்கு 50 சதவீத உயர்வு. 601 முதல் 1,200 வரை 75 சதவீதம். 1,201 முதல் 1,800 வரை 100 சதவீதம். அதற்கு மேல் 150 சதவீதம்.

இப்போது கணக்கைப் பாருங்கள். மாடி வீட்டின் 2 ஆயிரம், 75 சதவீதம் ஏறி 3,500 ஆனது. காகிதத்தில் 1,200-ஐத் தாண்டிவிட்ட நம்மவரின் 2,500, இரட்டிப்பாகி 5 ஆயிரம் ஆனது. அளவில் தப்பு கால் பங்குதான். வரியிலோ 43 சதவீதம்! வருடத்துக்கு 3 ஆயிரம் ரூபாய் தண்டம்.

மனுவில் என்ன தப்பு?

அவர் சும்மா இருக்கவில்லை. இரண்டு மனு கொடுத்தார். இரண்டிலும், "வரி அதிகமாக உள்ளது, குறைத்து உதவ வேண்டும்" என்று எழுதியிருந்தார். "எல்லாருக்கும்தானே ஏறியிருக்கு, போய்யா" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

சொன்னதில் தப்பில்லை. சலுகை கேட்டால் இல்லை என்று சொல்லலாம். பிழையைக் காட்டினால் அப்படிச் சொல்ல முடியாது.

மூன்றாவது மனுவை மண்டல உதவி வருவாய் அலுவலருக்கு இப்படி எழுதினார். மேலே மண்டலம், வட்டம், பில் எண், துணை எண். கீழே விஷயம்:

"ஐயா, மேற்படி வரி எண்ணுள்ள என் வீட்டின் கட்டிடப் பரப்பு பதிவேட்டில் 1,250 சதுர அடி என்று உள்ளது. அங்கீகரிக்கப்பட்ட வரைபடப்படி அது 1,000 சதுர அடி. நேரில் வந்து அளந்து, பதிவேட்டைத் திருத்தி, சரியான அளவுக்கு வரி விதிக்கவும், கூடுதலாகக் கட்டிய தொகையை வரும் அரையாண்டுகளில் கழித்துக்கொள்ளவும் வேண்டுகிறேன்."

அவ்வளவுதான். அழுகையும் இல்லை, ஆத்திரமும் இல்லை.

பத்திரம் மட்டும் போதாது

கூட வைக்கும் காகிதத்தில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். அடுக்குமாடி வீட்டின் கிரயப் பத்திரத்தில், பல சமயம் மனையில் பிரிக்கப்படாத பாகம் எத்தனை சதுர அடி என்றுதான் இருக்கும். அது நிலத்தின் கணக்கு. வீட்டின் அளவு, கட்டுமான ஒப்பந்தத்திலும் அங்கீகரித்த வரைபடத்திலும் இருக்கும். அந்த நகல்களும், கடைசி ரசீதும் வேண்டும். ஒரே அச்சான பக்கத்து வீட்டு ரசீது கிடைத்தால் இன்னும் பலம்.

மனுவின் இரண்டாவது பிரதியில் தேதியோடு முத்திரை வாங்காமல் ஆபீஸ் படி இறங்கக் கூடாது. முடிவு வரும்வரை வரியை நிறுத்தவும் கூடாது, வட்டி ஏறும். "ஆட்சேபணையுடன் கட்டுகிறேன்" என்று எழுதிக் கொடுத்துவிட்டுக் கட்டலாம். பதிலே வராவிட்டால், 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமைச் சட்டப்படி, தன் வீட்டின் அளவுப் பதிவு நகலைக் கேட்கலாம். 30 நாளில் பதில் தர வேண்டும்.

நம்மவர் வீட்டுக்கு ஒரு நாள் டேப்போடு ஆள் வந்தார். டேப் பொய் சொல்லவில்லை. பதிவேடு திருத்தப்பட்டது. ஆனால் கூடுதலாகக் கட்டிய பணம் இன்னும் இழுபறி!

அதிகாரிகளுக்கு ஒரு வார்த்தை. தாமதமானால் ஜனங்களிடம் வட்டி கேட்கிறீர்கள். நியாயம்தான். அதே மாதிரி, அளவு தப்பு என்று மனு வந்தால், எந்தத் தேதியில் அளக்க வருவீர்கள் என்று அந்த முத்திரைக்குப் பக்கத்திலேயே எழுதிக் கொடுங்கள். மூன்று மனுவும் ஆறு நடையும் மிச்சமாகும். அரை நாள் லீவு போட்டு வருகிறவனுக்கு அதுவும் பணம்தானே?