தாராவியில் எண்ணப்படுவது கடை, எண்ணப்படாதது தொழில்

தாராவியில் தோல் தொழில் நிலைத்திருப்பதற்கு மலிவான வாடகையே காரணம் என்பது வழக்கமான விளக்கம். வரலாறு இதற்கு இடம் தரவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் திருநெல்வேலிப் பகுதியிலிருந்து வந்த தமிழ் முஸ்லிம்கள் இங்கே தோல் பதனிடத் தொடங்கியபோது, அருகிலிருந்த பாந்த்ரா இறைச்சிக்கூடம் பச்சைத்தோலைத் தந்தது. 1970களில் அக்கூடம் தேவனாருக்கு மாறியது. பதனிடும் ஆலைகளும் பெரும்பாலும் வெளியேறின. தொழிலைக் கொண்டுவந்த காரணம் மறைந்தது, தொழில் மறையவில்லை. இன்று சென்னையிலிருந்தும் கான்பூரிலிருந்தும் பதனிட்ட தோல் வருகிறது. பையும் பணப்பையும் இடைவாரும் இங்கே உருவாகின்றன.

இதன் விடை பட்டறைகளுக்குள் இல்லை, அவற்றுக்கு இடையில் இருக்கிறது. நூறு கைப்பைகளுக்கு ஆணை பெறும் சிறு முதலாளியிடம் எல்லா இயந்திரங்களும் இருப்பதில்லை. தோலை ஒருவரிடம் வாங்கி, வெட்டுவதற்கும் ஓரம் சீவுவதற்கும் வேறு பட்டறைகளுக்கு அனுப்பி, தம் இடத்தில் தைக்கிறார். ஜிப் தீர்ந்தால் அடுத்த தெருவில் கிடைக்கும்; ஆள் குறைந்தால் அண்டைப் பட்டறையிலிருந்து வருவார். ஆகவே அவர் சரக்கைக் குவித்து வைக்க வேண்டியதில்லை; சிறு முதலே போதும். அந்த முதலின் மீதியை அண்டை வீட்டார் ஈடுசெய்கிறார்கள். ஆல்ஃபிரட் மார்ஷல் 1890இல் விளக்கியதும் இதுவே: திறன்பெற்ற தொழிலாளர், துணைத்தொழில்கள், பரவிக்கிடக்கும் தொழிலறிவு ஆகியவை எந்த ஒரு நிறுவனத்துக்கும் சொந்தமல்ல.

மறுவளர்ச்சித் திட்டமோ ஒவ்வோர் அறையையும் தனித்தனியே எண்ணுகிறது. 2000 ஜனவரி 1க்கு முன்பிருந்து தரைத்தளத்தில் குடியிருப்போருக்குத் தாராவிக்குள் இலவச வீடு. மேல்தளத்தாருக்கு வெளியே வாடகை வீடு. தைப்பவர் மேல்தளத்தில், வெட்டுபவர் கீழ்த்தளத்தில் இருந்தால் இந்தக் கோடு ஒரே தொழிலை இரண்டாக அறுக்கிறது. இருவருக்கும் கூரை கிடைக்கலாம். ஆனால் பத்து நிமிட நடை ஒரு நாள் பயணமாகும்போது, சிறு முதலாளி தாங்க முடியாத செலவு பிறக்கிறது.

ஒரு கண்ணி அறுந்தால் என்னாகும் என்பதைத் திருப்பூர் காட்டியது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் மாசு காரணமாகச் சாயப்பட்டறைகளை மூட ஆணையிட்டது. பின்னலும் தையலும் தடைசெய்யப்படவில்லை. ஆயினும் சாயமேற்ற வேறு ஊர்களுக்குத் துணியை அனுப்ப நேர்ந்து, அவையும் தத்தளித்தன. அந்த ஆணையின் நியாயத்தை நொய்யல் ஆறே சொல்லும். கொத்துத் தொழில் புனிதமானதல்ல. மாசையும் அது ஓரிடத்தில் குவிக்கும், ஒருவர் வடிவத்தை மற்றவர் நகலெடுக்கவும் வழிவிடும்.

எனவே தாராவியை அப்படியே உறையவைக்க வேண்டும் என்பதல்ல வாதம். அறைகளை எண்ணுவோர், யார் யாரிடம் வேலை கொடுத்து வாங்குகிறார் என்பதையும் எண்ண வேண்டும். இடம்பெயர்த்தே தீரவேண்டுமெனில் இணைந்து இயங்குவோரை ஒன்றாக இடம்பெயர்க்க வேண்டும். அதைச் செய்யாத கணக்கெடுப்பு, சுவர்களுக்கு இழப்பீடு தந்துவிட்டுத் தொழிலை விலையின்றி அழிக்கிறது.