குழுவில் நீதிபதி வேண்டாம்

இப்படி வைத்துக்கொள்வோம். யாழ்ப்பாணத்தில் அப்பம்மா வீட்டுக் கூரையைத் திருத்த எல்லாரும் காசு அனுப்பினார்கள். டொரொண்டோவில் இருக்கும் மாமி, வாட்ஸ்அப் குழுவில் "கணக்கு எங்கே?" என்று கேட்கிறார். "என்னைக் கள்ளன் எண்டு சொல்லுறியோ?" என்கிறார் லண்டன் பெரியப்பா.

இந்த நேரத்தில் குழுவில் நீங்கள் எழுதும் எதுவும் தீர்ப்பாகிவிடும். மாமியின் செய்திக்கு ஒரு லைக் போட்டாலே பெரியப்பா எண்ணி வைத்திருப்பார். "சண்டை வேண்டாம்" என்றாலும், கடைசியாக எழுதியவருக்கு அது தனக்கு விழுந்த அடிதான். குழுவைப் பூட்டினாலும் அப்படியே.

என் கருத்து: இருவருக்கும் அன்றைக்கே தனித்தனியாகப் போன் எடுங்கள். மூத்தவர் என்பதால் பெரியப்பாவுக்கு முதலில். ஆனால் நேரத்தைப் பாருங்கள். டொரொண்டோவில் இரவு 11 மணி என்றால் லண்டனில் விடிய 4 மணி. மாமி இரவில் எழுதிய ஐந்து செய்திகளையும் அவர் எழும்பியதும் ஒன்றாக வாசித்திருப்பார்.

"என்ன மாமா நடந்தது" என்று விசாரிக்காமல், "உங்களுக்கு எது நோகுது பெரியப்பா?" என்று கேளுங்கள். அவருக்கு நோவது கணக்கல்ல, எல்லார் முன்னாலும் கேட்டது. மாமிக்கு நோவது காசல்ல, தன்னிடம் ஒன்றும் சொல்லாதது. ஒருவர் சொன்னதை மற்றவரிடம் கொண்டுபோகாதீர்கள்.

பிறகு பெரியப்பாவின் சம்மதத்தோடு ஓட்டுக்கும் மரத்துக்கும் கூலிக்கும் போன செலவைக் குழுவில் போடுங்கள், எந்த விளக்கமும் இல்லாமல். பழைய காணிப் பிரச்சினை உள்ளே இருந்தால் இது தீர்க்காது. கூரைச் சண்டையை மட்டும் நிறுத்தும்.